அம்புகள் நேராகப் போனாலும் கர்ல் வருவது ஏன்: ஒர்க்‌ஷீட் விடைகளைப் படிக்கும் விதம்

கேள்வி: வெக்டர் கால்குலஸ் ஒர்க்‌ஷீட்டில் கிரேடியன்ட், டைவர்ஜென்ஸ், கர்ல் மூன்றையும் சூத்திரத்தில் போட்டு விடை எடுத்துவிடுகிறேன். அந்த விடை என்ன சொல்கிறது என்றுதான் தெரியவில்லை. F = (y, 0, 0) என்ற புலத்தில் அம்புகள் எல்லாம் நேராகத்தான் போகின்றன; அதற்கு கர்ல் −1 வருகிறது. வட்டமாகவே சுற்றும் இன்னொரு புலத்துக்குப் பூஜ்யம் வருகிறது. கணக்கு தப்பா, நான் புரிந்துகொண்டது தப்பா?

பதில்:

இரண்டு விடைகளும் சரியானவை. சிக்கல் படத்தைப் பார்க்கும் விதத்தில் இருக்கிறது. புலத்தின் அம்புகளை ஒரு தாள் முழுக்க வரைந்து, அந்த மொத்த வடிவத்தைப் பார்த்து, "இது சுற்றுகிறது, இது விரிகிறது" என்று நாம் முடிவு செய்துவிடுகிறோம். ஆனால் மூன்று செயல்களும் பகுதி வகைக்கெழுக்களால் ஆனவை. ஒரு புள்ளியை ஒட்டி மிகச் சிறிய தூரத்தில் புலம் எப்படி மாறுகிறது என்பதைத் தவிர வேறு எதையும் அவை அறியா. இந்த ஒன்றை விடாமல் பிடித்துக்கொண்டு மூன்றையும் வரிசையாகப் பார்த்தால், நீங்கள் கேட்ட இரண்டு புலங்களும் தாமே தெளிவாகிவிடும்.

கிரேடியன்ட்டில் தொடங்குவோம். ஓர் உலோகத் தகட்டின் வெப்பநிலை T = 40 − x² − 3y² என்று வைத்துக்கொள்வோம்; தூரம் சென்டிமீட்டரிலும் வெப்பநிலை செல்சியஸிலும் இருக்கட்டும். ஆதிப்புள்ளியில் 40 டிகிரி. அதுதான் தகட்டின் மிகச் சூடான இடம். x-ஐப் பொறுத்து வகையிட்டால் −2x, y-ஐப் பொறுத்து வகையிட்டால் −6y; ஆகவே ∇T = (−2x, −6y). (2, 1) என்ற புள்ளியில் இது (−4, −6). இதன் நீளம் √52, ஏறக்குறைய 7.2. இந்தப் புள்ளியிலிருந்து எந்தத் திசையில் நகர்ந்தால் வெப்பநிலை மிக வேகமாக ஏறுமோ அந்தத் திசை (−4, −6) என்பதும், அந்தத் திசையில் ஏற்றம் சென்டிமீட்டருக்கு 7.2 டிகிரி என்ற வீதத்தில் இருக்கும் என்பதும்தான் விடையின் பொருள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். (2, 1)-இலிருந்து ஆதிப்புள்ளியை நோக்கிய திசை (−2, −1). கிரேடியன்ட் காட்டும் திசையோ (−4, −6), அதாவது (−2, −3)-இன் திசை. இரண்டும் ஒன்றல்ல. மிகச் சூடான இடம் எங்கே இருக்கிறது என்று கிரேடியன்ட்டுக்குத் தெரியாது. காலடியில் எந்தப் பக்கம் செங்குத்தாக ஏறுகிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். ஆதிப்புள்ளியை நோக்கி நடந்தால் ஏற்றம் எவ்வளவு என்று அறிய, அந்தத் திசையின் அலகு வெக்டரான (−2, −1)/√5 உடன் புள்ளிப் பெருக்கம் எடுக்க வேண்டும்: (8 + 6)/√5, ஏறக்குறைய 6.3. எதிர்பார்த்தபடியே 7.2-ஐ விடக் குறைவு. ஒர்க்‌ஷீட்டில் திசைவழி வகைக்கெழு கேட்டால், உங்கள் விடை கிரேடியன்ட்டின் நீளத்தைத் தாண்டியிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். தாண்டியிருந்தால், பெரும்பாலும் திசை வெக்டரை அதன் நீளத்தால் வகுக்க மறந்திருப்பீர்கள். இங்கே √5-ஐ விட்டுவிட்டால் விடை 14 என்று வந்து உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

எந்தத் திசையில் நகர்ந்தால் வெப்பநிலை மாறவே மாறாது? புள்ளிப் பெருக்கம் பூஜ்யமாகும் திசையில், அதாவது (3, −2) திசையில்: −12 + 12 = 0. அதுதான் (2, 1) வழியாகச் செல்லும் சமவெப்பக் கோட்டின் தொடுகோட்டுத் திசை. அந்தக் கோடு x² + 3y² = 7 என்ற நீள்வட்டம். சமவெப்பக் கோடுகள் வட்டங்களாக இருந்திருந்தால் கிரேடியன்ட் மையத்தை நோக்கியே இருந்திருக்கும். நீள்வட்டமானதால்தான் அது விலகி நிற்கிறது.

அடுத்து டைவர்ஜென்ஸ். F = (x, y, z) என்ற புலத்துக்கு ∂x/∂x + ∂y/∂y + ∂z/∂z = 3. பலர் இதற்கு "ஆதிப்புள்ளியிலிருந்து எல்லாம் வெளியே பாய்கிறது" என்று விளக்கம் எழுதுகிறார்கள். படம் அப்படித்தான் தோன்றும். ஆனால் விடை 3 என்பது ஆதிப்புள்ளிக்கு மட்டும் உரியதன்று. (5, 0, 0)-இலும் 3, எங்கு எடுத்தாலும் 3. அங்கெல்லாம் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க, ஏதேனும் ஒரு புள்ளி (a, b, c)-ஐ மையமாக வைத்து, பக்கம் 2h உள்ள ஒரு சிறு கனசதுரப் பெட்டியை எண்ணிக்கொள்ளுங்கள். வலது முகத்தில் புலத்தின் x கூறு a + h. முகத்தின் பரப்பு 4h². ஆகவே வெளியேறும் பாயம் (a + h)·4h². இடது முகம் வழியாக உள்ளே வருவது (a − h)·4h². இரண்டின் வேறுபாடு 8h³. இதில் a கழிந்துபோனதைக் கவனியுங்கள். புள்ளி எங்கே இருக்கிறது என்பது விடையில் இல்லை. மற்ற இரண்டு சோடி முகங்களும் தலா 8h³ தருகின்றன. மொத்தம் 24h³, பெட்டியின் கன அளவு 8h³, வகுத்தால் 3. ஆகவே டைவர்ஜென்ஸ் என்பது, ஒரு சிறு பெட்டியிலிருந்து நிகரமாக வெளியேறும் பாயத்தை அதன் கன அளவால் வகுத்தது. இந்தப் புலத்தில் வெளி முழுவதும், ஒவ்வொரு சிறு பெட்டியும், உள்ளே வந்ததைவிட அதிகமாக வெளியே அனுப்புகிறது.

இதற்கு நேர்மாறான புலம் ஒன்று உண்டு: F = (x, y, z)/r³, இதில் r² = x² + y² + z². புள்ளி மின்னூட்டத்தின் மின்புலம் மாறிலி நீங்கலாக இதுதான். படத்தில் இதுவும் ஆதிப்புள்ளியிலிருந்து எல்லாப் பக்கமும் விரிகிறது. முந்தைய புலத்தின் அம்புகளும் இதன் அம்புகளும் திசையில் ஒன்றே. கணக்கிட்டால், ∂/∂x (x r⁻³) = r⁻³ − 3x² r⁻⁵. மூன்றையும் கூட்டினால் 3r⁻³ − 3r² r⁻⁵, அதாவது பூஜ்யம். அம்புகள் விலகி விரிவதால் கூடும் பாயத்தை, வெளியே போகப் போக அம்புகளின் நீளம் குறைவது சரியாக ஈடுகட்டிவிடுகிறது. சற்றுப் பொதுவாக rⁿ(x, y, z) என்ற புலத்தை எடுத்தால் டைவர்ஜென்ஸ் (n + 3)rⁿ என்று வரும்; n = −3 ஆகும்போது மட்டுமே பூஜ்யம். அந்த 3 என்பது வெளியின் பரிமாண எண். தளத்தில் இரண்டே மாறிகளோடு கணக்கு வந்தால் அது (n + 2) ஆகிவிடும். அங்கே (x, y)/r³-இன் டைவர்ஜென்ஸ் பூஜ்யமன்று, −r⁻³ ஆகும். முப்பரிமாணத்தில் மனப்பாடம் செய்த விடையைத் தளக் கணக்கில் எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் உண்டு.

ஆதிப்புள்ளியில் இந்தப் புலத்துக்கு மதிப்பே இல்லை என்பதையும் விடையோடு எழுத வேண்டும். ஆரம் R உள்ள கோளத்தின் வழியாக வெளியேறும் பாயம் (1/R²)·4πR² = 4π; R எதுவாக இருந்தாலும் அதே 4π. உள்ளே எங்கும் டைவர்ஜென்ஸ் பூஜ்யம் என்றால் இந்த 4π எங்கிருந்து வந்தது? கணக்கில் சேர்க்க முடியாத அந்த ஒற்றைப் புள்ளியிலிருந்து. காஸின் தேற்றத்தை இந்தக் கோளத்துக்கு நேரடியாகப் போட்டு 0 என்று விடை சொல்வது தவறு; புலம் கோளத்தின் உள்ளே எல்லாப் புள்ளிகளிலும் வகையிடத்தக்கதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கே உடைந்திருக்கிறது.

இப்போது முதலில் எடுத்த தகட்டுக்கு ஒரு நிமிடம் திரும்பலாம். ∇T = (−2x, −6y) என்பதும் ஒரு வெக்டர் புலம்தான்; அதன் டைவர்ஜென்ஸ் −2 − 6 = −8. வெப்பம் சூட்டிலிருந்து குளிர்ச்சியை நோக்கி, −k∇T என்றபடி பாய்கிறது. ஆகவே வெப்பப் பாய்வின் டைவர்ஜென்ஸ் +8k. தகட்டின் ஒவ்வொரு சிறு பகுதியிலிருந்தும் உள்ளே வருவதைவிட அதிக வெப்பம் வெளியேறுகிறது என்று பொருள். அப்படியிருந்தும் வெப்பநிலை மாறாமல் நிற்கிறது என்றால், மின்னோட்டம் போன்ற ஏதோ ஒன்று தகடு முழுவதும் சீராக வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் தகடு குளிர்ந்துகொண்டிருக்கிறது. வெறும் −8 என்ற எண்ணிலிருந்து இவ்வளவும் படிக்க முடியும்.

கர்லுக்கு வருவோம். F = (P, Q, R) என்றால் கர்லின் கூறுகள் வரிசையாக R_y − Q_z, P_z − R_x, Q_x − P_y. அணிக்கோவையாக விரிக்கும்போது நடுக்கூறின் குறியைத் தவறவிடுவதுதான் மிகப் பரவலான பிழை. அதைப் பிடிக்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது: இருமுறை தொடர்ச்சியாக வகையிடத்தக்க எந்தப் புலத்துக்கும் கர்லின் டைவர்ஜென்ஸ் பூஜ்யம். எடுத்துக்காட்டாக F = (yz, x², xz²). கர்ல் (0, y − z², 2x − z). இதன் டைவர்ஜென்ஸ் 0 + 1 − 1 = 0; சரி. நடுக்கூறை z² − y என்று குறி மாற்றி எழுதியிருந்தால் −1 − 1 = −2 வந்து பிழை தெரிந்துவிடும். ஆனால் இந்தச் சோதனை எல்லாவற்றையும் பிடிக்காது. மூன்று கூறுகளின் குறியும் சேர்ந்து மாறியிருந்தாலோ, நடுக்கூறில் y இல்லாமலே இருந்தாலோ பிழை தப்பிவிடும். இன்னொன்று, புள்ளியின் மதிப்பை வகையிட்ட பிறகுதான் பிரதியிட வேண்டும். முன்பே பிரதியிட்டால் எல்லாம் மாறிலியாகிப் பூஜ்யம் வரும்.

பொருளைப் பார்க்க, கூட்டல் குறி போலக் கட்டிய இரண்டு ஈர்க்குச்சிகளை நீரோட்டத்தில் மிதக்க விடுவதாக எண்ணுங்கள். புலம் (u, v) நீரின் திசைவேகம். x திசையில் கிடக்கும் குச்சியின் வலது முனையில் v அதிகமாகவும் இடது முனையில் குறைவாகவும் இருந்தால், அந்தக் குச்சி இடஞ்சுழியாகத் திரும்பும்; திரும்பும் கோண வேகம் ∂v/∂x. y திசையில் கிடக்கும் குச்சியின் மேல்முனையில் u அதிகமாக இருந்தால் அது வலஞ்சுழியாகத் திரும்பும். ஆகவே அதன் இடஞ்சுழிக் கோண வேகம் −∂u/∂y. கர்லின் z கூறு இந்த இரண்டின் கூட்டுத்தொகை. அதாவது, இரண்டு குச்சிகளின் சராசரிக் கோண வேகத்தைப் போல இரு மடங்கு.

முதலில் (−y, x) என்ற புலம், கோண வேகம் 1 உடன் ஒரு தட்டு முழுவதுமாகச் சுழல்வது. ∂v/∂x = 1, −∂u/∂y = 1. கர்ல் 2. தட்டு 1 என்ற வேகத்தில்தானே சுழல்கிறது, 2 எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு விடை மேலே சொன்ன கூட்டுத்தொகைதான்.

இனி நீங்கள் கேட்ட (y, 0). இங்கே ∂v/∂x = 0; கிடைக் குச்சி திரும்பவில்லை. −∂u/∂y = −1; நிமிர்ந்த குச்சியின் மேல்முனை வேகமாக இழுக்கப்பட்டு அது வலஞ்சுழியாகச் சாய்கிறது. கூட்டினால் −1. ஓடையின் அடியில் நீர் மெதுவாகவும் மேலே வேகமாகவும் ஓடுவதும் இத்தகையதே. எந்த நீர்த்துளியும் வளைந்து போகவில்லை, ஆனால் அதில் மிதக்கும் எதுவும் போகும் வழியிலேயே உருண்டுகொண்டு போகும். இதைச் சுற்றோட்டத்தாலும் சரிபார்க்கலாம். பக்கம் h உள்ள ஒரு சதுரத்தை இடஞ்சுழியாகச் சுற்றி வாருங்கள். கீழ்ப்பக்கம் y = b என்றால் அதன் பங்கு bh; மேல்பக்கத்தில் எதிர்த்திசையில் வருவதால் −(b + h)h; பக்கவாட்டில் இரண்டும் பூஜ்யம். கூட்டினால் −h². பரப்பால் வகுத்தால் −1. டைவர்ஜென்ஸில் a கழிந்ததுபோல இங்கே b கழிந்துவிட்டது.

மற்றொரு புலம் (−y, x)/(x² + y²) என்று எடுத்துக்கொள்கிறேன். வட்டமாகச் சுற்றியும் கர்ல் பூஜ்யமாகும் புலம் என்று ஒர்க்‌ஷீட்டில் வழக்கமாக வருவது அதுதான். (1, 0) என்ற புள்ளியில் நின்று பார்ப்போம். x அச்சின் மேல் v = 1/x; ஆகவே ∂v/∂x = −1. மையத்தைவிட்டு விலக விலக நீர் மெதுவாவதால், ஆரத்தின் வழியே கிடக்கும் குச்சி வலஞ்சுழியாகத் திரும்புகிறது. u = −y/(x² + y²); (1, 0)-இல் ∂u/∂y = −1; ஆகவே நிமிர்ந்த குச்சியின் பங்கு +1. பாதை வளைவதால் அந்தக் குச்சி இடஞ்சுழியாகத் திரும்புகிறது. −1 + 1 = 0. இரண்டு குச்சிகளும் எதிரெதிராகத் திரும்ப முயல்வதால், கட்டிய கூட்டல் குறி மொத்தமாகத் திரும்பாமல், முகம் மாறாமல், மையத்தைச் சுற்றி வட்டமிட்டுக்கொண்டிருக்கும். பாதை சுற்றுவது வேறு, பாதையில் போகும் பொருள் தன்னைத்தானே சுற்றுவது வேறு. கர்ல் அளப்பது இரண்டாவதை மட்டுமே.

கணினியில் சரிபார்க்க விரும்பினால் SymPy-இல் நான்கைந்து வரிகள் போதும்:

```
from sympy import symbols, diff, simplify
x, y = symbols('x y')
u = -y/(x**2 + y**2)
v = x/(x**2 + y**2)
print(simplify(diff(v, x) - diff(u, y)))
```

விடை 0 என்று வரும். ஆனால் ஆதிப்புள்ளியில் இது பொருந்தாது என்ற எச்சரிக்கை எதுவும் வராது. அது உங்கள் பொறுப்பு. ஆரம் R உள்ள வட்டத்தில் இந்தப் புலத்தின் வேகம் 1/R, சுற்றளவு 2πR. ஆகவே சுற்றோட்டம் 2π, எந்த R-க்கும். மின்புலத்தில் 4π வந்த அதே கதைதான்: எங்கும் பூஜ்யம், விடுபட்ட ஒரு புள்ளியில் எல்லாம்.

அந்தப் புள்ளியில் உண்மையில் என்ன இருக்கும் என்பதற்கு ராங்கின் சுழல் என்ற மாதிரி நல்ல விடை தருகிறது. மையத்தில் ஆரம் a வரை நீர் கோண வேகம் ω உடன் தட்டுபோலச் சுழல்கிறது. அதற்கு வெளியே வேகம் ωa²/ρ என்று குறைகிறது. இதில் ρ என்பது மையத்திலிருந்து உள்ள தூரம். வெளியே கர்ல் பூஜ்யம். உள்ளே எங்கும் 2ω. மையப்பகுதியின் பரப்பு πa². இரண்டையும் பெருக்கினால் 2πωa². வெளியே எந்த வட்டத்தில் சுற்றோட்டம் எடுத்தாலும் (ωa²/ρ)·2πρ, அதுவும் 2πωa². ஸ்டோக்ஸ் தேற்றம் அப்படியே பொருந்துகிறது. a-ஐச் சுருக்கிக்கொண்டே ωa² = 1 என்று வைத்திருந்தால், கர்ல் முழுவதும் ஒரு புள்ளிக்குள் அடங்கி உங்கள் ஒர்க்‌ஷீட்டின் புலம் கிடைக்கிறது.

கடைசியாக, "கர்ல் பூஜ்யம், ஆகவே F = ∇φ" என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதும் பழக்கத்தை இந்தப் புலம் சோதிக்கிறது. x > 0 என்ற அரைத்தளத்தில் மட்டும் நின்றால் φ = tan⁻¹(y/x) என்று எடுக்கலாம்; வகையிட்டுப் பாருங்கள், சரியாக இந்தப் புலம் வரும். ஆனால் φ என்பது இங்கே கோணம். ஆதிப்புள்ளியை ஒருமுறை சுற்றி வந்தால் அது 2π கூடிவிடுகிறது, தொடங்கிய இடத்துக்கு வந்தும் மதிப்பு வேறு. ஆகவே ஆதிப்புள்ளி நீங்கிய முழுத் தளத்துக்கு ஒரே மதிப்புள்ள φ கிடையாது. விடைத்தாளில், கர்ல் பூஜ்யம் என்று காட்டிய பிறகு, புலம் எந்தப் பகுதியில் வரையறுக்கப்பட்டிருக்கிறது, அந்தப் பகுதியில் ஓட்டை உண்டா என்பதை ஒரு வரியில் எழுதிவிட்டு φ-ஐத் தேடத் தொடங்குங்கள். பல்லுறுப்புக் கோவைகளால் ஆன புலங்களுக்கு ஓட்டை இல்லை, அங்கே கவலையில்லை. பின்னத்தின் கீழே x² + y² போன்றது நின்றால் மட்டும் நிதானிக்க வேண்டும்.